வாடகை கூட்டுகிறார்கள்: பக்கத்து வீட்டு வாடகைகளை வைத்து நியாயம் பார்ப்பது எப்படி? (வெள்ளவத்தை வீடொன்றின் கணக்குடன்)

"வீட்டுக்கார அன்ரி ரெண்டு வருசமா 90,000 எடுத்தா. புது அக்ரிமென்டுக்கு 120,000 தாங்கோ எண்டுறா. இது அநியாயமோ, இல்லாட்டி இப்ப ஊர் விலையே இதுதானோ?"

இதை முதலில் என்னிடம் கேட்டது என் தம்பி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கு மேல்பக்கத்து லேன் ஒன்றில், நாலாம் மாடியில் இரண்டு அறை பிளாட். 850 சதுர அடி, லிப்ட் இருக்கிறது, ஒரு ஏசி, பார்க்கிங் இல்லை. மெயின்டனன்ஸ் 8,000 ரூபாவை அவன்தான் கட்டுகிறான். மூன்று மாத வாடகை டிபொசிட்டாக வீட்டுக்காரரிடம் இருக்கிறது, போகும்போது திரும்பி வரும்.

30,000 கூடுகிறது, மூன்றில் ஒரு பங்கு, என்று அவன் பதறினான். அந்த வீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பழைய வாடகை அவசரத்துக்கு ஆள் தேடிய நேரத்தில் குறைத்துப் பேசியதாக இருக்கலாம், அப்படியானால் பெரிய உயர்வும் ஊர் விலைக்குள்ளேயே நிற்கும். அன்றைக்கே கூடக் கொடுத்திருந்தால் 5,000 கூட்டுவதுகூட அதிகம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தம்பி நாளைக்கு வீட்டைக் காலி பண்ணினால், அதே வீட்டுக்கு, அதே நிபந்தனைக்கு, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எத்தனைக்குக் கையெழுத்து வைக்கும்? அதை அறியத்தான் பக்கத்து வாடகைகள். கீழே வரும் தொகைகள் அந்த வீட்டுக்கு அந்த நேரத்தில் கிடைத்தவை. உங்கள் வீட்டுக்கு அப்படியே எடுக்க வேண்டாம், கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"ikman.lk இல வெள்ளவத்தை ரெண்டு ரூம் எண்டு தட்டினா எல்லா விலையும் வருதே. அதைப் பார்த்தாப் போதாதோ?"

தொடங்குவதற்குப் போதும், முடிவெடுக்கப் போதாது. விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரரின் ஆசை. அந்த விலைக்குப் போகாத வீடுதான் அங்கே அதிக நாள் நிற்கும். நல்ல விலைக்கு வந்த வீடு மூன்று நாளில் போய்விடும், நீங்கள் தேடுகிற அன்றைக்கு அது பட்டியலில் இருக்காது. ஆகவே எந்த நாளில் திறந்து பார்த்தாலும் பட்டியல் மேல்பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் ஒரே வீடு பல முகத்தோடு வருவது. ஒரு வீட்டுக்காரர் மூன்று புரோக்கர்மாரிடம் சொல்லியிருப்பார், மூன்று பேரும் தனித்தனியே போடுவார்கள். தம்பிக்காக நான் குறித்த 14 விளம்பரங்களில் நாலு ஒரே பிளாட். விலை மட்டும் 110,000 இலிருந்து 125,000 வரை மாறிக்கொண்டிருந்தது. எப்படிப் பிடித்தேன் என்றால், குசினி ஜன்னலின் பச்சை நிறக் கம்பியும் அதற்குக் கீழே இருந்த உடைந்த டைலும். படங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தரை, கதவுக் கைபிடி, பால்கனிக்கு வெளியே தெரியும் கட்டிடம் ஆகியவற்றைப் பாருங்கள். இதைச் செய்யாமல் சராசரி எடுத்தால் ஒரே வீட்டின் விலையை நாலு தரம் எண்ணிவிடுவீர்கள்.

மூன்றாவது, வேறு சந்தையைச் சேர்ந்த விளம்பரங்கள். வெள்ளவத்தையில் ஆடி, ஆவணியிலும் டிசம்பரிலும் வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கும். கல்யாணம், கோயில் திருவிழா, பல் வைத்தியம் என்று வருகிறவர்களுக்கு நாள் கணக்கிலும் கிழமை கணக்கிலும் கட்டில், பிரிட்ஜ், வைபை எல்லாம் போட்டுக் கொடுக்கிற பிளாட்டுகள் உண்டு. அவற்றை மாத வாடகையாகப் பெருக்கிக் காட்டும் விலை உங்களுக்கு உதவாது. அதே மாதிரி, 55,000 என்று போட்டுவிட்டு, எடுத்துக் கேட்டால் "அது நேற்றே போயிட்டுது, இன்னொண்டு இருக்கு 95க்கு" என்று சொல்லுகிற விளம்பரத்தையும் தூக்கி எறியுங்கள். அது ஆளைப் பிடிக்கப் போட்ட தூண்டில்.

விளம்பரத்தை உருப்படியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. அக்ரிமென்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கி, பொருத்தமானவற்றை ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் திகதி போட்டு வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். விலை இறங்கினதா, நிற்கிறதா, காணாமல் போனதா? ஏழு கிழமை நின்று இரண்டு தரம் விலை இறங்கிய வீடு உங்களுக்குச் சொல்லுகிற சேதி, பட்டியலின் சராசரியைவிடப் பெரிது.

"சரி, உண்மையில எத்தனைக்குப் போனது எண்டு எப்பிடித் தெரியும்? ஒருத்தரும் வாடகையைச் சொல்லமாட்டினம்."

நேரே "எவ்வளவு கட்டுறீங்கள்?" என்று கேட்டால் சொல்லமாட்டார்கள் என்பது சரி. ஆனால் "எங்களுக்கு 120 கேக்கினம், நீங்கள் வந்த நேரமும் இப்பிடித்தான் கேட்டவையோ?" என்று உங்கள் தொகையை முதலில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அனேகமாகப் பதில் வரும். ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த முறை தங்களுக்கும் இதே பிரச்சினை வரும் என்பது தெரியும்.

காணாமல் போன விளம்பரத்தின் நம்பருக்கு இரண்டு கிழமை கழித்து எடுத்து, "அந்த வீடு போயிட்டுதோ? எத்தனைக்கு முடிஞ்சது? அந்த மாதிரி ஒண்டுதான் தேடுறம்" என்று கேட்பது இன்னொரு வழி. வீட்டை முடித்துக்கொடுத்த புரோக்கருக்கு அதை மறைக்க இனிக் காரணம் இல்லை, அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஆர்வமும் இருக்கும். முடியாத வீட்டைப் பற்றி அவர் சொல்லும் விலையை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒரு மாத வாடகைதான் அவருடைய கொமிசன், வாடகை ஏறினால் அதுவும் ஏறும்.

வாச்சர் இன்னொரு பொக்கிஷம். அவருக்கு வாடகைத் தொகை சரியாகத் தெரியாது. எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது அச்சொட்டாகத் தெரியும். நாலாம் மாடியில் ஒரு வீடு மூன்று மாதமாகப் பூட்டியிருக்கிறது என்ற தகவல் வாடகைப் பேச்சில் பெறுமதியானது.

"எந்த வீட்டை எங்கட வீட்டோட ஒப்பிடலாம்? வெள்ளவத்தை எண்டாப் போதுமோ?"

போதாது. முதலில் அதே கட்டிடம், கிடைக்காவிட்டால் அதே லேன், பிறகு அடுத்த லேன் என்று வெளியே போங்கள். தெஹிவளைப் பாலம் தாண்டினால் வேறு விலை, பம்பலப்பிட்டிப் பக்கம் போனால் வேறு விலை. வெள்ளவத்தைக்குள்ளேயே காலி வீதியின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ராமகிருஷ்ண வீதி மாதிரிக் கடற்கரைப் பக்கத்தில் காற்றும் கடலும் இருக்கின்றன, கூடவே ரயில் சத்தமும் உப்புக் காற்றும். ஏசியின் வெளிப்பெட்டியும் ஜன்னல் கம்பியும் அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். கடல் தெரிகிற மாடிக்குக் கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே கட்டிடத்தின் பின்பக்க வீட்டுக்கு அந்த விலை இல்லை.

சதுர அடியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். குடும்பங்கள் அறையை எண்ணித்தான் வாடகைக்கு எடுக்கின்றன. 850, 900 என்ற வித்தியாசத்தைப் பார்க்கவரும் ஒருவரும் கவனிக்கமாட்டார், இரண்டாவது பாத்ரூம் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கவனிப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பதில் இன்னொரு பிழையும் உண்டு. சின்ன வீட்டின் சதுர அடி வாடகை பெரும்பாலும் கூடவாகத்தான் இருக்கும், ஏனென்றால் எவ்வளவு சின்ன வீட்டுக்கும் ஒரு குசினியும் பாத்ரூமும் வேண்டும்.

லிப்ட், பார்க்கிங், தண்ணீர், ஜெனரேற்றர், கட்டிடத்தின் வயது ஆகியவை பெரிய வித்தியாசங்கள். தளபாடம் போட்ட வீட்டைப் போடாத வீட்டோடு ஒப்பிடவே வேண்டாம். அனெக்ஸை பிளாட்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் மின்மானியைக் கேளுங்கள். மேல்வீடும் அனெக்ஸும் ஒரே மானியில் ஓடினால், வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட விலை ஏறும் படிமுறை என்பதால், இரண்டு குடும்பத்தின் பாவனையும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். வாடகை 5,000 குறைவு என்று நினைத்துப் போன வீட்டில் அந்த 5,000 கரண்ட் பில்லில் போய்விடும்.

"ஒருத்தர் வாடகை குறைவாச் சொல்லுறார், ஆனா ஒரு வருச அட்வான்ஸ் கேக்கிறார். அதை எப்பிடி ஒப்பிடுறது?"

முதலில் அது எந்த வகை அட்வான்ஸ் என்று கேளுங்கள். மாதா மாதம் வாடகையில் கழிகிற அட்வான்ஸும், கடைசியில் முழுதாகத் திரும்பி வருகிற டிபொசிட்டும் இரு வேறு விடயங்கள். கொழும்பில் இரண்டையும் "அட்வான்ஸ்" என்றே சொல்லிவிடுகிறார்கள், பிறகு சண்டை.

திரும்பி வருகிற டிபொசிட் என்றால், அந்தப் பணம் வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டிதான் உங்கள் மறைமுக வாடகை. தம்பிக்குக் கிடைத்த ஒப்பீட்டு வீடுகளில் ஒன்று 85,000, ஆனால் 12 மாத டிபொசிட். அவன் இப்போது வைத்திருப்பது 3 மாதம். ஆகவே கூடுதலாக 9 மாதம், அதாவது 765,000 ரூபா முடங்கும். நிலையான வைப்புக்கு வருடம் 8 வீதம் என்று எடுத்தால் 61,200, மாதத்துக்கு 5,100. ஆகவே அந்த வீடு உண்மையில் 90,100. இதில் வட்டிக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. பணம் திரும்பி வருமா என்ற ஆபத்து தனி. அது பெரும் தொகை என்றால் 5,100க்கு மேல் ஒரு தொகையை உங்கள் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"கணக்கை முழுதா ஒருக்காக் காட்டுங்கோவன்."

14 விளம்பரங்களில் ஒரே வீட்டின் மறுபதிவுகளையும், கிழமை வாடகை வீடுகளையும், தளபாடம் போட்டவற்றையும் கழித்தபின் இரண்டு மிஞ்சின. விசாரித்ததில் கிடைத்த ஒன்றையும் சேர்த்து மூன்று. மூன்று போதுமா என்றால், நன்றாகத் தெரிந்த மூன்று, அரைகுறையாகத் தெரிந்த இருபதைவிட நல்லது.

எல்லா வீட்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். நான் எடுத்த அளவுகோல், குடியிருப்பவரின் கையிலிருந்து மாதம் போகும் மொத்தப் பணம். மெயின்டனன்ஸை யார் கட்டுகிறார் என்பது வீட்டுக்கு வீடு மாறுவதால் வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தத்தைக் கண்டபிறகு, அதிலிருந்து தம்பியின் மெயின்டனன்ஸ் 8,000 ரூபாவைக் கழித்தால் அவன் வீட்டுக்கு ஈடான வாடகை வரும்.

முதல் வீடு அதே கட்டிடத்தில் இரண்டாம் மாடி, அதே அமைப்பு. மூன்று மாதத்துக்கு முன் குடிவந்தவர்களே சொன்னது: 100,000, மெயின்டனன்ஸ் அதற்குள். அங்கே இரண்டு ஏசி, தம்பியின் வீட்டில் ஒன்று. அன்றைக்குக் கடையில் ஒரு ஏசியைப் பூட்டித்தர ஒன்றரை இலட்சம் கேட்டார்கள். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்து 60 மாதத்தால் பிரித்தால் 2,500. ஆகவே மொத்தம் 97,500, மெயின்டனன்ஸ் கழித்தால் 89,500.

இரண்டாவது அடுத்த லேனில் 900 சதுர அடி, லிப்ட், பார்க்கிங்கும் உண்டு. ஏழு கிழமை நின்ற விளம்பரம் என்று மேலே சொன்னது இதைத்தான். நாலு முகத்தோடு வந்த அந்த வீடும் இதுதான். கடைசியில் 115,000க்கு முடிந்தது என்று புரோக்கர் சொன்னார், மெயின்டனன்ஸ் 7,000 குடியிருப்பவர் தலையில். மொத்தம் 122,000. அந்த லேனில் தனியாக ஒரு பார்க்கிங் இடத்தை 10,000க்குக் கொடுக்கிறார்கள், அதைக் கழித்தேன். கொஞ்சம் பெரிய ஹோலுக்கு 2,000 கழித்தேன். இந்த 2,000 மட்டும் என் ஊகம், மற்றதெல்லாம் கேட்டறிந்தது. 110,000 மிஞ்சுகிறது, மெயின்டனன்ஸ் போக 102,000.

மூன்றாவது கடற்கரைப் பக்கத்து 85,000 வீடு, 12 மாத டிபொசிட். வட்டியோடு 90,100. அங்கே மெயின்டனன்ஸ் என்று தனியாக இல்லை, எனவே தம்பியின் 8,000 ரூபாவைக் கழித்தால் 82,100. ஆனால் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. லிப்டுக்கு எவ்வளவு போடலாம்? காஸ் சிலிண்டரைத் தூக்கி ஏறுகிறவருக்கு அது ஒரு விலை, தனியாள் இளந்தாரிக்கு இன்னொரு விலை. தெரியாத ஒன்றுக்குத் தொகை கற்பிக்காமல், "தம்பியின் வீடு இதைவிட நல்லது, ஆகவே 82,000 இலும் கூடத்தான் போகும்" என்று அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது 89,500 உம் 102,000 உம் கையில் இருக்கின்றன. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 95,750. ஒரே கட்டிடம் என்பதால் முதல் வீட்டுக்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதன் வீட்டுக்காரர் வெளிநாட்டில், தெரிந்த குடும்பம் ஒன்று வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று குறைத்துக் கொடுத்திருந்தார். அதனால் அதைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். என் தீர்ப்பு, 95,000 முதல் 100,000 வரை நியாயம். 120,000க்கு இந்த மூன்றில் ஒன்றுகூடச் சாட்சி சொல்லவில்லை.

இப்படி ஒரு பரப்பாகத்தான் விடை வரும். 97,350 என்று ஒற்றைத் தொகை சொல்லுகிறவரை நம்பாதீர்கள்.

"சாமான் விலையெல்லாம் ஏறிட்டுது, அதுதான் கூட்டுறம் எண்டு வீட்டுக்காரர் சொல்லுறார்."

எந்த வருடத்தைச் சொல்லுகிறார் என்று கேளுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணை மாதா மாதம் வெளியிடுகிறது. 2022 செப்டெம்பரில் அது ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அன்றைக்கு இந்தக் கதை முழுக்க நியாயம். ஆனால் 2024 செப்டெம்பரில் அதே எண் சைபருக்குக் கீழே போய், 2025 பெப்ரவரியில் -4.2 வீதம் என்று நின்றது. அதாவது, ஒரு வருடத்துக்கு முன்பைவிட விலை மட்டம் குறைந்திருந்தது. 2022 இல் ஏறிய விலையைக் காட்டி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கூட்டிக்கொண்டே போக முடியாது.

அதற்காகச் சுட்டெண்ணை வைத்து நீங்களும் வாதாட வேண்டாம். சுட்டெண் இறங்கியதால் வீட்டு வாடகை இறங்காது. வாடகையை நிர்ணயிப்பது அந்த லேனில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை குடும்பம் தேடுகிறது என்பதுதான். வீட்டுக்காரரின் உண்மையான செலவுகளை, சோலைவரி, பெயின்ற், தண்ணி மோட்டர் பழுது போன்றவற்றைத் தனியாகக் காட்டினால் அதற்குக் காது கொடுங்கள்.

"டொலரில வாடகை கேக்கினம்."

டொலர் விலையிட்ட வீடுகளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அவை கம்பனிக்காரருக்கும் தூதரகக்காரருக்கும் போட்டவை. வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கும் டொலர் என்றால், ரூபா இறங்கும் ஆபத்து முழுதும் உங்கள் தலையில் வருகிறது. 2022 இல் சில மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை டொலர் போனதை யாரும் மறக்கவில்லை.

"சட்டத்தில உச்சவரம்பு இல்லையோ?"

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்படி சில பழைய கட்டிடங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வாடகை என்று ஒன்று உண்டு. ஆனால் 1980 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகள் அதன் பிடிக்குள் பெரும்பாலும் வராது. வெள்ளவத்தையில் இன்று காண்கிற அப்பார்ட்மென்டுகளுக்கு அந்தச் சட்டத்தை எதிர்பார்த்து நிற்காதீர்கள், உங்கள் கையில் இருப்பது பேச்சு மட்டும். தாத்தா காலத்துத் தனிவீட்டில் பழைய வாடகையில் இருப்பவர்கள் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்காமல் புதுக் கையெழுத்து வைக்க வேண்டாம். இருக்கிற பாதுகாப்பு அந்தக் கையெழுத்தோடு போகலாம்.

"அக்ரிமென்டில 'வருடம் 10 வீதம் கூடும்' எண்டு எழுதியிருக்கு. அப்ப ஒப்பீடு எதுக்கு?"

ஒப்பந்தக் காலத்துக்குள் அது எழுதியபடிதான், ஒப்பீடு உதவாது. காலம் முடிந்து புதிதாக எழுதும்போது அந்த 10 வீதம் உங்களைக் கட்டாது. இங்கே இன்னொன்றையும் பாருங்கள்: 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். வெறும் கடதாசியில் இருவரும் கையெழுத்து வைத்த "அக்ரிமென்ட்" பேச்சுக்கு உதவும், வழக்குக்கு அதிகம் உதவாது.

"வீட்டுக்காரரோட இதை எப்பிடிப் பேசுறது? கணக்கைக் காட்டினா அவவுக்குக் கோபம் வராதோ?"

வரும், அன்ரியின் கூடத்தில் போய்க் கடதாசியை விரித்தால். தம்பி முதலில் அப்படித்தான் செய்யப் பார்த்தான், நான் தடுத்தேன். ஒப்பீட்டைக் காட்டுவதைவிட, அவவுடைய வருமானத்தை அவவுடைய பக்கத்திலிருந்து சொல்லுவது நல்லது. "அன்ரி, நாங்கள் போனா நீங்கள் 120க்குப் போடுவீங்கள். அடுத்த லேனில அந்த விலைக்குப் போட்ட வீடு ரெண்டு மாசமளவு பூட்டிக் கிடந்தது" என்று தொடங்கச் சொன்னேன்.

கணக்கு இதுதான். வருடத்தில் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 120,000 வீதம் 10 மாதம், 12 இலட்சம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 120,000 போனால் 10 இலட்சத்து 80 ஆயிரம். 12 மாதத்தால் பிரித்தால் 90,000, தம்பி இதுவரை கட்டிவந்த அதே தொகை. பெயின்ற் அடிக்கும் செலவு இன்னும் கழியவில்லை. அவனே 98,000க்கு இருந்தால் 11 இலட்சத்து 76 ஆயிரம், ஒரு நாள்கூடப் பூட்டாமல். இரண்டு மாதம் என்பது ஊகம்தான், ஆனால் வாச்சர் சொன்னதைக் கேட்டபின் அது கூடின ஊகம் இல்லை.

அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப 105 தாங்கோ" என்றா. அவன் 95 சொன்னான். முடிந்தது 98,000, இரண்டாவது வருடம் 102,000. குளிக்கிற அறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அவவே மாற்றித் தருவா என்றும் பேசிக்கொண்டார்கள்.

"அவர் இறங்கவே இல்லை. வெளியேறுறதா, கூடக் கொடுக்கிறதா?"

வெளியேறுவதற்கும் விலை இருக்கிறது. புரோக்கர் உங்களிடம் பணம் கேட்பாரா, லொறி, புது வீட்டு டிபொசிட் கூடவென்றால் அந்தக் கூடுதலுக்கான வட்டி, இங்கே திரும்பி வரும் டிபொசிட்டில் எவ்வளவு வெட்டுவார்கள், பிள்ளையின் பள்ளிக்கூட வான். எல்லாம் கூட்டி ஒன்றரை இலட்சம் வந்தது என்று வைப்போம். புது வீட்டில் இரண்டு வருடம் இருப்பீர்கள் என்றால் மாதத்துக்கு 6,250. நியாயமான பரப்பின் மேல் எல்லை 100,000 என்றால், 106,000 வரை கொடுத்து இருப்பதும் வெளியேறுவதும் பணத்தில் ஒன்றுதான். அதற்கு மேலே போனால் வீடு தேடுங்கள். ஒரு வருடத்தில் எப்படியும் ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போகப்போகிறீர்கள் என்றால் 12 மாதத்தால் பிரிக்க வேண்டும், எல்லை 112,000 வரை ஏறும்.

"நான் புதுசா வீடு தேடுறன், பழைய வாடகை ஒண்டும் இல்லை. முதல் கேட்கிற விலையிலேயே எடுக்கிறதோ?"

இதே கணக்குத்தான். கூடுதலாக ஒரு கேள்வியை வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: முன்பிருந்தவர்கள் எப்போது போனார்கள்? அவர் "போன கிழமை" என்றால் இறங்கமாட்டார், "நாலு மாசத்துக்கு முதல்" என்றால் இறங்குவார். கேட்டுவிட்டு, கடைசிக் கரண்ட் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். வீடு பூட்டிக் கிடந்ததா என்பது அதில் தெரியும்.